டேலி தாளின் போட்டோ மட்டும் கையில் இருந்தால்: எண்ணிக்கை, சதவீதம், மூன்று கண்டறிதல்கள்

கேள்வி: எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் 64 பேரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, ஒரே தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டோம். இரண்டு நாள் மாலையில் கேட்டோம், ஒரு நாள் காலையில். தாள் இப்போது என்னிடம் இல்லை, செல்போனில் எடுத்த போட்டோதான் இருக்கிறது. நூலகத்தைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாமா என்று குழு முடிவெடுக்கப் போகிறது. அதற்கு ஒரு பக்க அறிக்கையும், சதவீதத்தோடு மூன்று கண்டறிதல்களும் கேட்கிறார்கள். எப்படிச் செய்வது?

பதில்: கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் போட்டோவை நிதானமாகப் படியுங்கள். இந்த வேலையில் வகுத்தல் அநேகமாகத் தப்பாகாது. கோடுகளை எண்ணுவதில்தான் தப்பு வரும்.

படத்தைப் பெரிதாக்கி, ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டும் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாகக் கட்டிய கட்டுகளை முதலில் எண்ணி, மிச்சக் கோடுகளைத் தனியாக எண்ணி, "7 கட்டு, 3 கோடு, 38" என்று முழுதாக எழுதுங்கள். 38 என்று மட்டும் எழுதினால், பிறகு சந்தேகம் வரும்போது எங்கே தவறினோம் என்று தெரியாது. எல்லா வரிசையும் முடிந்ததும், எழுதியதை மூடி வைத்துவிட்டு வலமிருந்து இடமாக இன்னொரு முறை எண்ணுங்கள். ஒரு கட்டு என்பது நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமா, அல்லது ஐந்து கோடு போட்டுக் குறுக்கே இன்னொன்றா என்பதையும் பாருங்கள். இரண்டு பேர் மாறி மாறி எழுதிய தாளில் இரண்டு வழக்கமும் கலந்திருக்கலாம்.

அடுத்து கூட்டிப் பாருங்கள். ஒருவர் ஒரே பதில் சொல்லும் கேள்வியில், எல்லா வரிசைகளும் "பதில் இல்லை" வரிசையும் சேர்ந்து 64 வந்தே ஆகவேண்டும். வராவிட்டால், எவ்வளவு வித்தியாசம் என்பதே பிழை எங்கே என்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சரியாக 5 குறைந்தால் ஒரு முழுக் கட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். 1 குறைந்தால் எங்கோ ஒரு கட்டின் குறுக்குக்கோடு மங்கிப்போய் நான்காக எண்ணப்பட்டிருக்கலாம். கூடுதலாக வந்தால், தாளின் பின்பக்கத்து மை ஊறித் தெரிகிறதா, அடித்துத் திருத்திய கோட்டையும் சேர்த்து எண்ணிவிட்டோமா என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இதுதான் நடந்தது. "எந்த நேரத்தில் வருவீர்கள்?" என்ற முதல் கேள்விக்கு என் முதல் எண்ணிக்கை காலை 14, மதியம் 9, மாலை 33, பதில் இல்லை 3. கூட்டினால் 59. ஐந்து குறைகிறது என்றதும் மாலை வரிசையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். தாள் அங்கே சுருண்டு நிழல் விழுந்திருக்கிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் ஒரு கட்டு தெரிந்தது. ஆக மாலை 38, மொத்தம் 64. அந்தக் கட்டு கண்ணில் படாமலே போயிருந்தால், கணக்கு இடிக்கட்டும் என்று 59 ஆகவே விட்டு, "ஐந்து பேரின் பதில் படத்தில் தெளிவாக இல்லை" என்று அறிக்கையில் எழுதச் சொல்லியிருப்பேன். விடுபட்டதை ஊகித்து ஏதோ ஒரு வரிசையில் சேர்ப்பது தகவலைப் புனைவதாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. "எதற்காக வருகிறீர்கள்?" என்பதற்கு ஒருவர் எத்தனை பதில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால், கூட்டுத்தொகை இவ்வளவுதான் வரவேண்டும் என்ற விதி கிடையாது. செய்தித்தாள் 41, புத்தகம் எடுக்க 29, தேர்வுக்குப் படிக்க 22, கணினி 7 என்று வருகிறது. மொத்தம் 99 கோடுகள். இது சரியா தவறா என்று அந்த 99 சொல்லாது. அதனால் இந்தக் கேள்வியை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து ஒரு முறை எண்ணச் சொல்லுங்கள்.

சதவீதத்தில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: எதால் வகுப்பது? மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டுமா என்பதற்கு ஆம் 40, வேண்டாம் 13, எப்படியானாலும் சரி 9, பதில் இல்லை 2. இதில் 40ஐ 64ஆல் வகுத்தால் 63 சதவீதம். பதில் சொன்ன 62 பேரால் வகுத்தால் 65. ஆம், வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொன்ன 53 பேரால் மட்டும் வகுத்தால் 75. ஒரே தாளில் இருந்து மூன்று எண்கள். நான் 62ஐ எடுப்பேன். வாயே திறக்காத இருவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் "எப்படியானாலும் சரி" என்று சொன்ன ஒன்பது பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டு 75 என்று எழுதினால் ஆதரவை ஊதிக்காட்டியதாகிவிடும். எதை எடுத்தாலும் எண்ணுக்குப் பக்கத்திலேயே "பதிலளித்த 62 பேரில்" என்று எழுதிவிடுங்கள்.

பல பதில் சொல்லக்கூடிய இரண்டாவது கேள்விக்கு 99ஆல் வகுக்கக் கூடாது, 64ஆல் வகுக்க வேண்டும். அப்போது செய்தித்தாள் 64, புத்தகம் 45, தேர்வு 34, கணினி 11 சதவீதம். கூட்டினால் நூறைத் தாண்டும்; தாண்டத்தான் வேண்டும். 99ஆல் வகுத்தால் செய்தித்தாளுக்கு 41 சதவீதம் வரும். அது கோடுகளின் பங்கு, ஆட்களின் பங்கு இல்லை. குழு தெரிந்துகொள்ள விரும்புவது ஆட்களைத்தான்.

விரிதாளில் போடுவதானால், மூன்றாவது கேள்வியின் மூன்று பதில்களை B2 முதல் B4 வரை வைத்து, B5இல் இப்படிக் கூட்டுங்கள்:

```
=SUM(B2:B4)
```

C2இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(B2/B$5*100,0)
```

டாலர் குறி விட்டுப்போனால், கீழே இழுக்கும்போது வகுக்கும் எண்ணும் நகர்ந்து கணக்கு கெட்டுவிடும். தசமப் புள்ளி வேண்டாம். 64 பேரில் ஒருவர் பதிலை மாற்றினாலே சதவீதம் ஒன்றரைக்கு மேல் நகர்கிறது, அப்படியிருக்க 64.5 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. முழு எண்ணாக்கும்போது மூன்றாவது கேள்விக்கு 65, 21, 15 வரும், மொத்தம் 101. அதை 100 ஆக்க ஒன்றைக் குறைக்காதீர்கள். "முழு எண்ணாக்கியதால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டலாம்" என்று அட்டவணையின் கீழே ஒரு வரி போதும்.

இனி கண்டறிதல்கள். கேள்விக்கு ஒன்றாக மூன்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். உங்கள் தாளில் அது சரிவராது. முதல் கேள்வியில் மாலை 38 பேர், பதிலளித்த 61 பேரில் 62 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றில் இரண்டு நாள் நீங்கள் மாலையில்தான் நின்று கேட்டிருக்கிறீர்கள். மாலையில் வந்தவர்களிடம் கேட்டால் மாலை என்றுதான் பதில் வரும். அந்த 62 சதவீதம் வாசகர்களின் பழக்கமா, நீங்கள் நின்ற நேரமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே அதைக் கண்டறிதலாக எழுதாமல் அட்டவணையில் மட்டும் கொடுங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மாலையில் வருபவர்கள் 38, நேர நீட்டிப்பு கேட்பவர்கள் 40. இரண்டும் நெருங்கிய எண்கள் என்பதால் "மாலையில் வருபவர்களே கூடுதல் நேரம் கேட்கிறார்கள்" என்று எழுதத் தோன்றும். அப்படி எழுத இந்தத் தாளில் ஆதாரம் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகக் கோடு போட்டபோது, எந்தக் கோடு யாருடையது என்ற தொடர்பு அறுந்துவிட்டது. மாலை என்று சொல்லாதவர்கள், பதில் சொல்லாத 3 பேரையும் சேர்த்து, 26 பேர். அவர்கள் எல்லோருமே "ஆம்" சொல்லியிருந்தாலும் மீதி 14 "ஆம்" மாலைக்காரர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஆக இரண்டிலும் இருப்பவர்கள் குறைந்தது 14 பேர், அதிகபட்சம் 38 பேர். இதற்கு மேல் இந்தத் தாளிலிருந்து கறக்க முடியாது. அடுத்த முறை ஆளுக்கு ஒரு வரி என்று எழுதினால் இந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

குழு முடிவெடுக்கப் போவது நேரத்தைப் பற்றி என்பதால், அதை முதலில் வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"1. பதிலளித்த 62 பேரில் 40 பேர் (65%) நூலகம் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும் என்கின்றனர். 13 பேர் (21%) வேண்டாம் என்கின்றனர். 9 பேருக்கு (15%) எப்படியானாலும் சம்மதம்.

2. செய்தித்தாள் படிக்க வருவதாக 64 பேரில் 41 பேரும் (64%), புத்தகம் எடுக்க வருவதாக 29 பேரும் (45%) கூறினர். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் கூறலாம்.

3. கணினியைப் பயன்படுத்த வருவதாகக் கூறியவர்கள் 64 பேரில் 7 பேர் (11%) மட்டுமே. கேட்கப்பட்ட நான்கு காரணங்களில் இதுவே மிகக் குறைவு."

முதலாவதில் எதிர்ப்பையும் சேர்த்திருக்கிறேன். 65ஐ மட்டும் எழுதினால் மீதி 35 சதவீதமும் எதிர்ப்பு என்று ஒருவர் படிப்பார், யாருமே எதிர்க்கவில்லை என்று இன்னொருவர் படிப்பார். இரண்டாவதில் "முக்கியக் காரணம் செய்தித்தாள்" என்று எழுதவில்லை. எது முக்கியம் என்று நீங்கள் கேட்கவே இல்லை, எவையெல்லாம் என்றுதான் கேட்டீர்கள். 45ஐப் "பெரும்பாலோர்" என்றும் சொல்லக் கூடாது, அது பாதிக்கும் குறைவு. மூன்றாவதில் ஏன் குறைவு என்று சொல்லப் போகாதீர்கள். கணினி பழுதா, தேவை இல்லையா என்பது தாளில் இல்லை. படத்தில் அந்த வரிசையின் கடைசிக் கோடு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. அது 8 ஆக இருந்தாலும் 13 சதவீதம்தான், கண்டறிதல் மாறாது. ஒரு கோடு கூடிக் குறைந்தால் தலைகீழாகும் எதையும் கண்டறிதலாக எழுத வேண்டாம் என்பதற்கு இது நல்ல சோதனை.

"எனவே நேரத்தை நீட்டிக்க வேண்டும்" என்ற வாக்கியம் பரிந்துரை. எழுதுவதானால் தனித் தலைப்பில் எழுதுங்கள். அட்டவணையில் சதவீதத்தோடு எண்ணிக்கையையும் கொடுங்கள். கண்டறிதல்களுக்குக் கீழே ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும்: "நூலகத்துக்கு வந்த 64 பேரிடம் இரண்டு மாலையும் ஒரு காலையும் கேட்கப்பட்டது. நூலகத்துக்கு வராதவர்களின் கருத்து இதில் இல்லை. மாலையில் வருபவர்களின் பங்கு உண்மையைவிட அதிகமாகப் பதிவாகியிருக்கலாம். கூடுதல் நேரத்துக்கான ஆதரவிலும் அதன் பாதிப்பு இருக்கக்கூடும்."