வீட்டுச் சிகிச்சைக்குக் காப்பீடு எப்போது கிடைக்கும்?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் அப்பாவுக்கு நிமோனியா. அசைக்கக் கூடாது என்று டாக்டர் வீட்டிலேயே மருந்து ஏற்றுகிறார். பாலிசியில் பணம் கிடைக்குமா?

உங்கள் பாலிசியில் 'டாமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்' என்ற பிரிவு இருந்தால் கிடைக்கக்கூடும். மருத்துவமனையில் சேர்த்தே பார்க்க வேண்டிய நோயாக இருந்து, நோயாளியை நகர்த்த முடியாததாலோ படுக்கை கிடைக்காததாலோ வீட்டில் பார்த்தால்தான் அது பொருந்தும். புதுச்சேரிவரை அலைய வேண்டாமே என்ற வசதிக்காகச் செய்தால் பொருந்தாது.

கோரிக்கைகள் பெரும்பாலும் டாக்டரின் கடிதத்தில்தான் சிக்குகின்றன. 'வீட்டில் சிகிச்சை அளிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுடன், ஆம்புலன்ஸில் ஏற்றினால் என்ன ஆபத்து என்பதையும் சிகிச்சை தொடங்கிய அன்றே தேதியிட்டு எழுதி வாங்குங்கள்; பிறகு எழுதப்படும் கடிதத்தைச் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள். தினசரி மருந்துக் குறிப்பும், நர்ஸின் ரசீதும், மருந்துக்கடை பில்லும் அந்தத் தேதிகளோடு ஒத்துப்போக வேண்டும்.

பல பாலிசிகளில் சிகிச்சை 3 நாட்களைத் தாண்டியிருக்க வேண்டும். ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, நீரிழிவு போன்றவை இந்தப் பிரிவிலிருந்து விலக்கப்பட்டிருப்பதும் வழக்கம். அப்பாவுக்குப் பழைய ஆஸ்துமா இருந்தால், இப்போதைய சிகிச்சை நிமோனியாவுக்கே என்பது எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவுகளில் தெரிய வேண்டும். நிறுவனத்துக்கு இன்றே தகவல் கொடுத்துவிடுங்கள்.