வரிசையில் நிற்கும் லாரி எவ்வளவு டீசல் குடிக்கிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஐந்து லாரி வைத்து, கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றுகிறோம். எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மைலேஜ் மூன்றுக்கு இறங்கிவிடுகிறது. டிரைவரைக் கேட்டால் 'லைன்ல நின்னேன்' என்கிறார். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டேங்க்கில் சென்சார் போட வேண்டுமா?

பதில்: சென்சார் இப்போதைக்கு வேண்டாம். கையில் இருக்கும் ஜிபிஎஸ் பதிவும் டீசல் பில்லும் போதும். ஆனால் அந்த ஆப் காட்டும் 'Idle' நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெரும்பாலான கருவிகள் சாவி ஆன், வேகம் பூஜ்யம் என்றாலே இன்ஜின் ஓடுவதாக எழுதிவிடும். நான் பார்த்த ஒரு லாரி, ராத்திரி முழுக்க ஏழு மணி நேரம் நின்றபடி ஓடியதாகப் பதிவாகியிருந்தது. டிரைவர் மேல் ஓனருக்குச் சரியான கோபம். பதிவில் பேட்டரி வோல்டேஜைப் பார்த்தேன்: 24.6. இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும். 24 வோல்ட் லாரியில் அப்போது 27, 28 என்று காட்டும். கொசுத் தொல்லைக்குக் கேபின் ஃபேனைப் போட சாவியைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு சொட்டு டீசல் செலவாகவில்லை. அதனால் ஜிபிஎஸ் ஆளிடம் வோல்டேஜோடு கூடிய முழுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் லாரியை ஒரு முறை ஓடவிட்டும் அணைத்தும் பார்த்தால், எந்த எண்ணுக்கு மேல் ஓட்டம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும். வரிசையில் நிற்கும் லாரி நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வண்டி நீளம் நகரும். ஆப்பில் 'ஐந்து நிமிஷம் நின்றால்தான் கணக்கு' என்று வைத்திருந்தால், ஒவ்வொரு நகர்விலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கும். அறிக்கையில் ஒன்றுமே இருக்காது. ஆகவே கொள்முதல் நிலையம், ரைஸ் மில், எடைமேடை ஒவ்வொன்றையும் சுற்றி 200 மீட்டர் வட்டம் போடுங்கள். வரிசை ரோடு வரை நீண்டால் வட்டத்தையும் நீட்டுங்கள். உள்ளே இன்ஜின் ஓடி, வேகம் 5 கிலோமீட்டருக்குக் கீழே இருந்த நிமிஷங்களையெல்லாம் கூட்டுங்கள்.

சரி, இனி டீசல். ஒரே பங்க்கில், டேங்க் வாய் வரை நிரப்புங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பினால், இரண்டாவது பில்லில் இருக்கும் லிட்டர்தான் இடையில் செலவானது. உதாரணத்துக்கு ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் 600 கிலோமீட்டர், நின்ற ஓட்டம் 6 மணி, டீசல் 162 லிட்டர். மாசியில் ஒரு வாரம் அதே 600 கிலோமீட்டர், அதே மாதிரி லோடு, நின்ற ஓட்டம் 26 மணி, டீசல் 198 லிட்டர். மைலேஜ் 3.7-லிருந்து 3.03-க்கு விழுந்த மாதிரி தெரிகிறது. ஆனால் கூடுதலான 36 லிட்டர் கூடுதலான 20 மணி நேரத்துக்கானது. அதாவது மணிக்கு 1.8 லிட்டர். அதைக் கழித்துவிட்டால், இரண்டு வாரமும் ஓட்டத்துக்குச் செலவானது 151.2 லிட்டர்தான். ஓட்ட மைலேஜ் 3.97, கொஞ்சமும் மாறவில்லை. இந்த டிரைவர் சொன்னது உண்மை. கழித்த பிறகும் மைலேஜ் குறைந்தால்தான் ஃபில்டர், டயர் காற்று, டீசல் திருட்டு என்று தேட வேண்டும்.

நடைமுறையில் கிலோமீட்டர் இப்படிச் சமமாக அமையாது. நிரப்பும்போது வாயில் காற்று அடைத்தாலே சில லிட்டர் தப்பும். அதனால் ஒவ்வொரு லாரிக்கும் பன்னிரண்டு நிரப்பலாவது சேர்த்து எக்செல்லில் போடுங்கள். B-யில் கிலோமீட்டர், C-யில் நின்ற மணி, D-யில் லிட்டர்:

```
=LINEST(D2:D13,B2:C13,FALSE)
```

முதலில் வரும் எண் மணிக்கு எத்தனை லிட்டர்; அடுத்தது கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். வரிசை தலைகீழாக வரும், கவனம். முதல் எண் மைனஸில் வந்தாலோ நாலைத் தாண்டினாலோ பதிவில் ஏதோ கோளாறு. எல்லா நிரப்பலிலும் நின்ற நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் விடை நிற்காது. குறுவை, சம்பா அறுவடை வாரங்களோடு சும்மா இருந்த வாரங்களையும் கலந்து எடுங்கள்.

இன்னொன்று, கருவி நிமிஷத்துக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பினால் ஆற்றங்கரை ரோட்டு வளைவுகளை நேர்கோடாக வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும். மீட்டரோடு ஒரு நாள் ஒத்துப் பாருங்கள்.

இந்த இரண்டு எண் கிடைத்துவிட்டால் ரூட் கணக்கு சுலபம். மேலே சொன்ன லாரிக்குப் போகவர 40 கிலோமீட்டர் நடைக்கு ஓட்டச் செலவு சுமார் 10 லிட்டர். ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் நிலையத்துக்கு மொத்தம் 12, ஐந்து மணி நேரம் என்றால் 19. தூரம் ஒன்றுதான், ஆனால் நடைக்கு 7 லிட்டர் வித்தியாசம். அடுத்த சீசனுக்கு வாடகை பேசும்போது ரூட் வாரியாக இந்தத் தாளை எடுத்துப் போங்கள்.