பல் பிடுங்கிய பிறகு எந்த மாத்திரை? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், நாளை காலை 9 மணிக்கு ஞானப்பல் எடுக்கிறார்கள். வயது 28, வேறு நோய் எதுவும் இல்லை. பாரசிட்டமாலா, இப்யூபுரூஃபனா?

உங்களுக்கு இப்யூபுரூஃபன்தான் முதல் தேர்வு. எலும்பைத் தொட்டு எடுத்த பல்லின் வலி பெரும்பாலும் வீக்கத்தோடு வருவது. வீக்கத்தைக் கிளப்பும் பொருள் காயத்திலேயே சுரக்காமல் இப்யூபுரூஃபன் தடுக்கிறது. பாரசிட்டமாலுக்கு அந்த வேலை அவ்வளவாக வராது.

மாத்திரையைவிட நேரம் முக்கியம். மரத்துப்போன உதடு 12 மணிக்கு மேல் மெல்லக் கூசத் தொடங்கும். அதுவரை காத்திருந்தால், வலி ஏறிய பிறகு அதைத் துரத்த வேண்டியிருக்கும். 11 மணிக்கே கொஞ்சம் மென்மையான உணவு சாப்பிட்டு இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500-உம் போடுங்கள். மரப்பு இருக்கும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாலை 5, இரவு 11. அதோடு இப்யூபுரூஃபன் 1200 ஆகிவிடும், மருத்துவர் சொல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. வலி அடங்கவில்லை என்றால் பாரசிட்டமாலை மட்டும் ஒரு வேளைக்கு 1000 ஆக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், பயப்படாதீர்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெண்டையும் ஒண்ணா சாப்பிட்டா கிட்னி போயிடாதா?

இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை, சேர்ப்பதால் ஒன்றின் நஞ்சு மற்றொன்றில் ஏறாது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாக இருந்தால் இப்யூபுரூஃபன் தனியாகவே ஆகாது.

கேள்வி: இப்யூபுரூஃபன் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். பல் பிடுங்கிய குழியில் அதைக் கொடுப்பது தவறு. நான் மருந்துக் கடையில் 20 வருடம் இருந்தவன்.

பாதி சரி. ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகளை அது கொஞ்சம் மந்தமாக்குவது உண்மை. ஆனால் மருந்து உடம்பை விட்டுப் போனதும், சுமார் ஒரு நாளில், அவை பழையபடி ஆகிவிடும். ஆஸ்பிரின் அப்படியல்ல, தொட்ட தட்டு சாகும்வரை, அதாவது ஒரு வாரத்துக்கு மேல், அப்படியே கிடக்கும். நீங்கள் அந்த இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள். ஆரோக்கியமானவருக்குப் பஞ்சை அழுத்திக் கடித்திருந்தால் போதும்.

கேள்வி: (மருந்துக் கடைக்காரரே) வார்ஃபரின் எடுப்பவருக்குமா? எல்லாருக்கும் ஒரே விதி எழுதக் கூடாது.

அங்கே நீங்கள் சொல்வதே சரி, நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், வயிற்றில் புண் இருந்தவர், இதயம் பலவீனமானவர், ஆஸ்பிரின் போன்ற மாத்திரையால் மூச்சு இழுத்த ஆஸ்துமாக்காரர், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணி, இவர்களுக்கு இப்யூபுரூஃபன் வேண்டாம், பாரசிட்டமால்தான். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சேர்ந்து எடுப்பவரும் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு என்ற சந்தேகம் இருந்தாலும் இதே பதில். தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்ப்பதா, முதலில் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிக்கலான பல்லுக்கு நான் சேர்த்தே கொடுக்கிறேன்.

கேள்வி: பாரசிட்டமால் பாவம், எவ்வளவு போட்டாலும் ஒன்றும் செய்யாதுதானே?

செய்யும். கல்லீரலை அழிக்கும். ஒருவர் பல் எடுத்த மூன்றாம் நாள் என் மேசையில் மூன்று அட்டைகளை வைத்தார். ஒன்று பாரசிட்டமால், ஒன்று ஜலதோஷ மாத்திரை, ஒன்று இரண்டு மருந்தும் கலந்த வலி மாத்திரை. மூன்றின் பின்புறத்தையும் திருப்பிக் காட்டினேன், மூன்றிலும் பாரசிட்டமால் இருந்தது. அவர் தெரியாமலேயே நாளுக்கு 5 கிராமுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். பெரியவர்களுக்கு உச்சவரம்பு 4 கிராம், நான் 3-இல் நிறுத்தச் சொல்கிறேன். 50 கிலோவுக்குக் குறைவானவர், தினமும் மது குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் அதற்கும் கீழே, மருத்துவர் சொல்லும் அளவில். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: ரெண்டும் சேர்ந்த மாத்திரை கடையில் இருக்கே, அதையும் தனி மாத்திரையையும் போடலாமா?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள் என்று இப்போதுதான் சொன்னேன். போடக் கூடாது.

கேள்வி: என் பல் இன்னும் பிடுங்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே ஒரு மாதம் ஓட்டலாமா?

இங்கே பேசுவது பிடுங்கிய பிறகு வரும் வலி. உங்களுக்கு வேண்டியது மாத்திரை அல்ல, சிகிச்சை. பல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, 20 கிலோ. பெரியவர் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

மாத்திரையை உடைக்காதீர்கள், எடையை வைத்துத்தான் கணக்கு. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அவளுக்கு 300. இப்யூபுரூஃபன் கிலோவுக்கு 10 வரை, அவளுக்கு 200. மருந்துப் பாட்டிலில் எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, அளவுக் குழலில் எடுங்கள். தேக்கரண்டி வேண்டாம்.

கேள்வி: பல் எடுத்து நாலு நாள் ஆச்சு. முதல் ரெண்டு நாள் பரவாயில்லை, இப்போ காதுவரை தெறிக்குது. வாயில் கெட்ட வாடை. மாத்திரையைக் கூட்டவா?

கூட்டாதீர்கள். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம், நான்காம் நாளில் திரும்பி ஏறினால், குழியில் இருந்த ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இதை எந்த மாத்திரையும் முழுதாக அடக்காது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் பலருக்குச் சீக்கிரமே வலி தணியும். இன்றே போங்கள். காய்ச்சலோ, வாய் திறக்க முடியாமையோ, விழுங்கக் கஷ்டமோ இருந்தால் இன்று மாலைவரைகூட காத்திருக்க வேண்டாம்.