காவா பாட்டிலும் என் மஞ்சக் கண்ணும்

"அண்ணா, தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஆபீஸ்ல ஒருத்தர் காவா கேப்சூல் போடு, இயற்கைதான், பக்கவிளைவு இல்லங்கறார். போடலாமா? அப்படியே வீடு எந்த ஏரியால பாக்கறது, லைசென்ஸ் மாத்தறது எப்படின்னும் சொல்லுங்க."

தம்பி, வீடு, லைசென்ஸ் எல்லாம் இங்க வேற ஆளுங்க நல்லா சொல்லுவாங்க, நான் அந்த கேப்சூல் கதைய மட்டும் சொல்றேன், ஏன்னா உன் கேள்வியப் படிச்சதும் எனக்கு 2005 ஞாபகம் வந்துருச்சு.

அப்ப நான் வந்து ஏழெட்டு மாசம். பக்கத்து வீட்டு அலாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அடிக்கும், எந்திரிச்சு ஜன்னல் கம்பியப் புடிச்சுகிட்டு நிப்பேன், அதுக்கப்புறம் விடியற வரைக்கும் தூக்கம் கிடையாது. ஆபீஸ்ல ஒருத்தர் அமெரிக்கா போய்ட்டு வந்தப்ப ஒரு காவா பாட்டில் கொண்டாந்து குடுத்தார், நம்மாளுதான். வெளிநாடு வந்ததும் நம்மாளுங்க பாதிப்பேர் டாக்டராயிடறாங்க, அது தனிக் கதை.

பாட்டில் முன்னாடி பச்சை இலைப் படம், "இயற்கையான அமைதி", பெருசா 500 மில்லிகிராம். பின்னாடி பொடி எழுத்துல பைப்பர் மெத்திஸ்டிகம்னு இருந்துச்சு. பைப்பர்னா மிளகாச்சே, நம்ம ரசத்துல போடறதுதானேன்னு நெனச்சேன். அதுல பாதி உண்மை. மிளகு, வெத்தலை, காவா மூணும் ஒரே பைப்பர் குடும்பம். பசிபிக் தீவுகள்ல பிஜி, வனுவாட்டு, டோங்கா பக்கம் காவா வேரை இடிச்சு தண்ணியில கரைச்சு வடிகட்டி ஊர்க்கூட்டத்துல குடிப்பாங்க. ஒரு நாள் கேப்சூலப் பிரிச்சு நாக்குல வெச்சுப் பாத்தேன், கிராம்பு கடிச்ச மாதிரி மரத்துப் போச்சு. மிளகு இப்படிப் பண்ணாதேன்னு அப்பவாவது யோசிச்சிருக்கணும்.

இப்ப அந்த 500-ஐப் பாரு. அது வேர்ச்சாறோட எடை. அதுல வேலை செய்யற சரக்கு பேரு காவாலாக்டோன், அது 30 சதவீதம்னு பின்னாடி போட்டிருந்தான், அப்ப 150 மில்லிகிராம். அதுவும் ஒரு கேப்சூலுக்கு இல்ல, ஒரு வேளைக்கு, ஒரு வேளைன்னா ரெண்டு கேப்சூல். ஒரு நாளைக்கு மூணு வேளை வரைக்கும் போடலாம்னு எழுதியிருந்துச்சு, அது 450 ஆகுது. ஜெர்மனியில காவாவ மருந்தா ஏத்துகிட்ட காலத்துல அவங்க வெச்ச அளவே ஒரு நாளைக்கு 60-லேர்ந்து 120 தான், டாக்டர் சொல்லாம மூணு மாசத்துக்கு மேல போடாதன்னும் சேத்துதான் சொன்னாங்க. நான் காலைல ஒரு வேளை ராத்திரி ஒரு வேளைன்னு 300 போட்டேன், நாலு மாசம் போட்டேன். முன்பக்க எழுத்த மட்டும் படிச்சவனுக்கு இது எதுவும் தெரிய வழியே இல்ல. சில பாட்டில்ல "தனிக் கலவை"ன்னு போட்டு மொத்த எடைய மட்டும் சொல்லுவான், அதுல காவா எவ்வளவுன்னு கணக்கு போடவே முடியாது, அத கையாலயே தொடாத.

இன்னொரு விஷயம், அமெரிக்காவுல இந்த மாதிரி சப்ளிமென்ட் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரும் சோதிச்சு அனுமதி குடுக்கணும்னு 1994 சட்டத்துல கிடையாது. அதான் "பதட்டத்த குணமாக்கும்"னு போடாம "மன அமைதிக்குத் துணை"ன்னு சுத்தி வளைச்சு எழுதறான். அதே அமெரிக்காவுல உணவு, மருந்தக் கண்காணிக்கற எஃப்டிஏ 2002 மார்ச்ல காவாவால ஈரல் கெட்டுப் போகுது, மத்த நாடுகள்ல 25-க்கு மேல புகார் வந்திருக்கு, நாலு பேருக்கு ஈரலையே மாத்த வேண்டியதாச்சுன்னு எச்சரிக்கை விட்டுச்சு, ஆனா தடை பண்ணல. ஜெர்மனி அதே வருஷம் காவா மருந்தோட லைசென்ஸ ரத்து பண்ணுச்சு, 2014-ல கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லுச்சு, 2019-ல மறுபடி தடை. ஏன் இந்த இழுபறின்னா, ஈரல் கெட்டதுல நெறைய பேருக்கு காவாதான் காரணமா, அதுல எது காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியல. வேரைத் தவிர தண்டுத்தோல், இலைன்னு சேத்து அரைச்சிருக்கலாம், சாராயத்துலயோ அசிட்டோன்லயோ எடுத்த சாறா இருக்கலாம், குடிச்சா ரெண்டு நாளைக்கு மயக்கம் இறங்காத மட்ட ரகக் காவாவா இருக்கலாம். ஆனா தண்ணியில கரைச்சுக் குடிச்சவங்களுக்கும் வந்திருக்கு. ஆயிரக்கணக்கான பேர் குடிச்சு ஒண்ணும் ஆகாம இருக்காங்க, ஆகறவனுக்கு பலமா ஆகுது. நீ எந்த ரகம்னு முன்கூட்டியே தெரியாது.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, மொதல்ல பசி போச்சு. பிரியாணி வாசனையே குமட்டுச்சு. டர்பன் புழுக்கம்னு நெனச்சேன். அப்புறம் உடம்பு பூரா அரிப்பு. ஒரு நாள் காலைல மூத்திரம் பால் ஊத்தாத டீ கலர்ல போச்சு. சாட்ஸ்வொர்த்ல நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆயா, அவங்க தாத்தா காலத்துலயே கரும்புக்காட்டுக்கு கப்பல்ல வந்த குடும்பம், தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும், நம்மூர்லேர்ந்து வந்த பல பேரு அதுக்காக அவங்களக் கிண்டல் பண்ணுவாங்க (எனக்கு அது சுத்தமாப் புடிக்காது), அந்த ஆயாதான் என்ன வெளிச்சத்துக்கு இழுத்துட்டுப் போய் கண்ணக் கீழ இழுத்துப் பாத்து "மஞ்சள்" அப்படின்னாங்க. அந்த ஒரு தமிழ் வார்த்தை போதுமாயிருந்துச்சு.

டாக்டர் எல்எஃப்டிங்கற ஈரல் ரத்த டெஸ்ட் எடுத்தார். ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறற ஏஎல்டி, 40 பக்கம் இருக்க வேண்டியது 900-க்கு மேல. மஞ்சக்காமாலை வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். அப்புறம்தான் "நீ வாயில போடற எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டா"ன்னார். என்ன மருந்து சாப்பிடறன்னு அதுக்கு முன்னாடி கேட்டப்ப நான் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன், மூலிகைய நாம மருந்துக் கணக்குல வைக்கறதில்லையே. பையில காவா பாட்டில், தலைவலிக்கு பாராசிட்டமால், அது போக வெள்ளிக்கிழமை பிராய்ல, அதான் இங்க கறி சுட்டு சாப்பிடற கூட்டத்துல, போற பீர். பாராசிட்டமாலும் சாராயமும் ஈரல்லதான் உடையுது, மத்த மருந்துகள உடைக்கற ஈரலோட என்சைம் சிலத காவா தடுக்குது. மூணும் சேந்துருச்சு. டிபி மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை போடறவங்களுக்கும் இதே ஆபத்துதான்.

அம்மா போன்ல கீழாநெல்லி அரைச்சுக் குடிடான்னு அழுதாங்க. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், ஒரு செடி போதும், இன்னொண்ணு சேத்தா எது என்ன பண்ணுதுன்னே தெரியாது. எல்லாத்தையும் நிறுத்தி வாராவாரம் ரத்தம் குடுத்து ரெண்டரை மாசத்துல நார்மலுக்கு வந்துச்சு.

காவா இல்லன்னா அமுக்கரா போடறேன்னு வராத. அதே அமுக்கரா அசுவகந்தான்னு கேப்சூல்ல வர்றதுலயும் ஈரல் கேஸ் வந்திருக்கு, வீட்டுச் சூரணம்ங்கறதால விதிவிலக்கு கிடையாது. இந்த நாட்டுச் செடி ஒண்ணு இருக்கு, கன்னா, இங்கத்த பூர்வகுடி கோய்சான் மக்கள் மென்னது, இப்ப பார்மசியிலயே விக்குது. அது மூளையில செரட்டோனின் பக்கம் வேலை செய்யுது, டிப்ரஷன் மாத்திரை போடறவன் அதோட சேக்கக் கூடாது. இங்கத்த பாட்டில்ல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், இது பதிவு பண்ணாத மருந்து, தரமோ பாதுகாப்போ கட்டுப்பாட்டு அமைப்பு பரிசோதிக்கலன்னு. 2013-க்கு அப்புறம் வந்த விதி அது. கண்ணாடி போட்டுட்டுப் போய்த் தேடு.

ஏற்கெனவே வாங்கிட்டியா? அப்ப அந்த பாட்டில எடுத்துகிட்டு நேரா ஜிபி டாக்டர்கிட்டப் போ, படபடப்பையும் அவர்கிட்டயே சொல்லு. எனக்கு அப்ப தைராய்டும் பாத்தாங்க, அது நார்மல், ஆனா ஒரு நாளைக்கு ஆறு காபி குடிக்கறேன்னு கேட்டதும் அந்த டாக்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே. ஆயாகிட்ட வந்து சொன்னேன், அன்னிக்கு ராத்திரியே காபிப்பொடி டப்பாவத் தூக்கி அவங்க வீட்டு அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்க.