அம்மாவின் கடதாசி, தப்பான ரவி

"அம்மா தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஈ.பி.எஃப் காசு எடுப்பதற்காக அவருடைய அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பெயர் வித்தியாசத்துக்கான சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் படமெடுத்து, கொழும்பில் இருக்கும் ரவி அண்ணாவுக்கு ஜிமெயிலில் செவ்வாய் மாலை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது போனது, கம்ப்யூட்டர் வகுப்பு விஷயமாக நான் முன்பு எழுதியிருந்த ரவி சேருக்கு. அவரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. 'உடனே அழிக்கவும், வங்கி விவரம் இருக்கிறது, யாருக்காவது கொடுத்தால் பொலிஸுக்குப் போவோம்' என்று எழுதச் சொல்கிறார் அண்ணா. அவருடைய ஒஃபிஸில் அனுப்பிய மெயிலைத் திருப்பி எடுக்கலாமாம், எனக்கு அந்த வழி தெரியவில்லை. சேர் பதறாமல், கோபப்படாமல் அழிப்பதற்கு எப்படிக் கேட்பது? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னாலும் விளங்காது."
– ஒரு மகள், ஹட்டன்

மகள், கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய், அதிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவுக்கு விளங்காது என்று யார் சொன்னது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவர்தானே? தன் பெயரில் இருக்கும் காசுக்கான கடதாசி வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே விளங்கும். உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்கு அவருடைய அறிவைக் குறை சொல்லாதே. பிள்ளைகள் படித்து போனும் மெயிலும் கையாளப் பழகியதும் பெற்றவர்களின் விஷயத்தை அவர்களுக்கே மறைத்துவிட்டு நாங்களே முடிவு செய்கிறோம் என்கிற பழக்கம் எங்கள் லயங்களிலும் வந்துவிட்டது, எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மூத்த மகன் என்பதற்காக அண்ணாவுக்கும் அந்த உரிமை கிடையாது.

சேருக்கு எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அனுப்பிய மெயில் இனி உன் கையில் இல்லை. ஜிமெயிலில் அனுப்பிய கையோடு திரையின் அடியில் Undo என்று வரும், சாதாரணமாக 5 விநாடி, செட்டிங்கில் மாற்றினால் அதிகபட்சம் 30 விநாடி. அதற்குள் அழுத்தினால்தான் உண்டு. அண்ணா சொல்கிற திருப்பி எடுக்கும் வசதி, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே நிறுவனத்தின் மெயிலுக்குள் இருந்தால் வேலை செய்யும், உன் ஜிமெயிலுக்கு அது பொருந்தாது. ஆகவே சேர் அழிப்பது முழுக்க அவருடைய நல்ல மனதைப் பொறுத்தது, அழித்தாரா என்று பார்க்கவும் உன்னால் முடியாது. நாளைக்கு யாராவது போன் எடுத்து, அம்மாவின் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் சரியாகச் சொல்லி, "உங்கள் ஈ.பி.எஃப் காசு வந்திருக்கிறது, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அந்தப் போனை எடுக்கப்போவது அம்மா. சேர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் போன் தொலைந்தாலும் இது நடக்கலாம். எந்த நம்பரையும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மாவுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, இனி மெயில். அண்ணா சொன்ன வாசகத்தை எழுதாதே. அதில் ஒரு மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை. இதுவரை அந்த மெயிலைத் திறக்காத மனிதருக்கு உள்ளே வங்கி விவரம் இருக்கிறது என்று நீயே சொல்லிக் கொடுக்கிறாய். பொலிஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு குற்றமும் செய்யாதவர் என்ன செய்வார்? நாளைக்கு நமக்கு வம்பு வரும், சாட்சிக்கு இருக்கட்டும் என்று அதை அழிக்காமலே வைத்துக்கொள்வார், இரண்டு பேருக்குக் காட்டி யோசனையும் கேட்பார். தப்பு செய்தது நீ, உதவி செய்யப்போவது அவர், எழுத்தில் அந்த முறை தெரிய வேண்டும்.

பழைய மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுதாதே. அப்படி எழுதினால் உன் வேண்டுகோளும் அம்மாவின் படங்களும் ஒரே கோர்வையில் நிற்கும், இதைப் படிக்கத் திறப்பவர் அதையும் பார்க்க வேண்டிவரும். வேறு தலைப்பு போட்டுப் புது மெயிலாக அனுப்பு. எந்த மெயில் என்று அடையாளம் தெரிவதற்குக் கிழமை, நேரம், அதன் தலைப்பு போதும், உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்படி எழுதலாம், நேரத்தையும் தலைப்பையும் உன்னுடைய மெயிலில் பார்த்துத் திருத்திக்கொள்:

பொருள்: செவ்வாய் மாலை உங்களுக்குத் தவறி வந்த மெயில்

வணக்கம் சேர். முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு விஷயமாக உங்களுக்கு எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிபோல் "ஃபோம்" என்ற தலைப்பில் என்னிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கும். என் அண்ணாவுக்குப் போக வேண்டியது, அவருக்கும் உங்கள் பெயர்தான் என்பதால் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது. தயவுசெய்து அதை அழித்து, Trash-இலிருந்தும் எடுத்துவிடுங்கள் சேர். போனில் இறங்கியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். முடிந்ததும் ஒரு வரி எழுதினால் போதும். சிரமத்துக்கு மன்னியுங்கள்.

கீழே உன் பெயரும் போன் இலக்கமும். அவ்வளவுதான். Trash என்று ஏன் சொல்கிறோம் என்றால், ஜிமெயிலில் அழித்தது 30 நாள் அங்கே கிடந்துவிட்டுத்தான் தானாகப் போகும். "திறந்து பார்த்தீர்களா" என்று கேட்காதே, பார்த்திருந்தால் அவருக்குச் சங்கடம், பார்க்கவில்லை என்று சொன்னால் அதை நம்புவதற்கு மேல் உனக்கு வழியில்லை. அழித்ததற்கு ஸ்கிரீன்ஷொட் கேட்பது இன்னும் மோசம். "மிக அவசரம்" என்பதும் வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு சின்ன மெயிலோ ஒரு போனோ, அதோடு நிறுத்து. பலருக்கு மெயில் பார்க்கும் பழக்கமே கிடையாது, பதில் வராததைக் கெட்ட எண்ணம் என்று எடுக்காதே. அவருடைய சொந்தக்காரர் உங்கள் தோட்டத்தில் இருந்தாலும் அவர் மூலமாகச் சொல்லி அனுப்பாதே, பொழுது சாய்வதற்குள் அம்மாவின் ஈ.பி.எஃப் கதை கடைசி லயம்வரை போய்விடும். பதில் வந்தால் ஒரு நன்றி மட்டும் எழுது, மறுபடி உறுதி கேட்டு நச்சரிக்காதே.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒருமுறை போய் வா. அடையாள அட்டையும் புத்தகத்தின் முதல் பக்கமும் தவறுதலாக வேறொருவருக்குப் போய்விட்டன என்று அவர் வாயாலேயே சொல்லட்டும், கணக்கு அவருடையது, கதைக்க வேண்டியவரும் அவர். கணக்கு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் காசு எடுத்துவிட முடியாது, ஆனால் அதோடு அடையாள அட்டைப் பிரதியும் சத்தியக் கடதாசியில் உள்ள கையொப்பமோ கைரேகையோ சேர்ந்து போயிருக்கிறது, வங்கிக்காரர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்புறம், நீ ஒருமுறை எழுதிய முகவரியைக்கூட ஜிமெயில் தானாகச் சேமித்து வைத்துக்கொண்டு, முதல் எழுத்தைத் தட்டியதும் நீட்டும். சேரின் பெயரை "ரவி சேர் கம்ப்யூட்டர்" என்றும் அண்ணாவை "அண்ணா கொழும்பு" என்றும் மாற்றிப் பதிந்து வை. அம்மாவின் கடதாசிப் படங்கள் இன்னும் அண்ணாவுக்குப் போய்ச் சேரவில்லை அல்லவா, அவற்றை அனுப்பும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது யாருக்குப் போகிறது என்று வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பு.