க்ராக் என்றால் பேச்சு

"அயர்லாந்தின் கால்வே நகரில் செவிலியராகச் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. உடன் பணிபுரிபவர்கள் என்னைப் பார்த்ததும் 'வாட்ஸ் த க்ராக்?' என்கிறார்கள். போதைப்பொருளைக் கேட்கிறார்களோ என்று முதலில் பயந்தே போனேன். 'வெள்ளிக்கிழமை பப்புக்கு வாருங்கள், நல்ல க்ராக் இருக்கும்' என்றும் அழைக்கிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. போகலாமா?"
— வாசகி, கால்வே

தயங்காமல் போங்கள். அவர்கள் சொல்லும் க்ராக்குக்கும் போதைப்பொருளுக்கும் ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு உறவில்லை. அந்தப் போதைப்பொருளுக்கு இப்பெயர் பரவியது 1980-களில்தான். பேச்சைக் குறிக்கும் சொல்லோ அதைவிடப் பல தலைமுறை மூத்தது. 'படீர்' என்ற ஓசையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல், உரத்த பேச்சையும் தற்பெருமையையும் குறிக்கத் தொடங்கி, வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அரட்டை, ஊர்ச்செய்தி என்ற பொருளில் நிலைத்தது. அங்கிருந்து அயர்லாந்துத் தீவின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதி வழியாக அயர்லாந்துக்குள் வந்தது. மரபான ஐரிஷ் எழுத்துவரிசையில் 'கே' இல்லாததால், ஐரிஷ் மொழியில் எழுதியவர்கள் 'crack' என்பதை 'craic' என்று 'சி'யில் முடித்தார்கள். 1970-களுக்குப் பின் அந்த எழுத்துக்கூட்டலே அயர்லாந்தின் ஆங்கிலத்துக்கும் திரும்பி வந்ததால், பலர் இதைத் தொன்மையான ஐரிஷ் சொல் என்று நினைக்கிறார்கள். ஆனாலும் இதை இரவல் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் பேச்சோடு அந்தப் பேச்சில் கூடியிருக்கும் இன்பத்தையும் சேர்த்து ஒரே சொல்லில் அடக்கியவர்கள் அயர்லாந்துக்காரர்களே.

காலையில் உங்களிடம் கேட்கப்படுவது 'என்ன சேதி?' என்பதுதான். 'பெரிதாக ஒன்றுமில்லை, உங்களுக்கு?' என்று திருப்பிக் கேட்டாலே போதும். சொல்வதற்குச் சிறிய சம்பவம் ஏதேனும் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரை 'நல்ல க்ராக்' என்றால் அவரோடு பேசிக்கொண்டிருப்பது இன்பம் என்று பொருள். நல்ல உணவும் இசையும் இருந்தும் பேச்சு ஒட்டாத மாலையை 'க்ராக்கே இல்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை உங்கள் கையில் இருப்பது எலுமிச்சைச் சோடாவா பியரா என்பது முக்கியமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே ஒருவர் மேசையிலுள்ள அனைவருக்கும் பானம் வாங்குவதும், அடுத்த முறை இன்னொருவர் வாங்குவதும் வழக்கம். அந்தச் சுற்றில் சேர்ந்தால் உங்கள் முறை வரும்போது நீங்களும் வாங்க வேண்டும். சேர விருப்பமில்லையென்றால், 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். மேசையில் உங்களைச் சற்றுக் கேலி செய்தால் புண்படாதீர்கள், பெரும்பாலும் அது உங்களைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதன் அடையாளம். ஒருவேளை அது உண்மையிலேயே வலித்தால், அமைதியாக இருந்துவிடாமல் அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை, வராதவர்கள் 'க்ராக் எப்படி?' என்று கேட்பார்கள். அப்போது அவர்கள் எதிர்பார்ப்பது, யார் என்ன சொன்னார், எதற்குச் சிரித்தீர்கள் என்பதை.