கோடு எங்கே விழுகிறது? உயரம் குறைவானவர்களின் கலர் கேள்விகள்

புதுச்சேரியில் பல வருடமாகத் துணி வெட்டித் தைக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உயரம் குறைவானவர்கள் அனுப்பியவை, அதிலும் எல்லோரும் கலரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் 4 அடி 11 அங்குலம். டாப்ஸ் ஒரு கலர், லெக்கிங்ஸ் வேறு கலர் என்று போட்டால் இன்னும் குட்டையாகத் தெரிகிறேன். எல்லாமே ஒரே கலரில்தான் போட வேண்டுமா அக்கா? (கடலூர், மஞ்சக்குப்பம்)

அப்படி இல்லை. இரண்டு கலர் சேரும் இடத்தில் உடம்பின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது, பார்ப்பவரின் கண் அங்கே நின்றுவிடுகிறது, உங்களைக் குட்டையாகக் காட்டுவது அந்தக் கோடு விழும் இடம்தான். ஒரே கலரில் போட்டால் கோடே இருக்காது. இரண்டு கலர் வேண்டும் என்றால் கோட்டைச் சரியான இடத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை ஒட்டிய தோள் உச்சியிலிருந்து தரை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள், குனிந்து நீங்களே அளந்தால் தப்பாக வரும். உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய 48 அங்குலம் இருக்கும். அதை மூன்றாகப் பிரித்தால் 16, 32 என்று இரண்டு இடம் கிடைக்கும். 16 இடுப்புப் பக்கம், 32 முட்டியை ஒட்டி. கோடு இந்த இரண்டில் ஒன்றில் விழலாம். 24 அங்குலத்தில் விழுந்தால் உடம்பு பாதிக்குப் பாதியாகப் பிரிந்துவிடும். இடுப்புக்குக் கீழே, தொடை மேல் முடிகிற குட்டை டாப்ஸ் வேறு கலர் பேண்டோடு போட்டால் எடுபடாமல் போவது இதனால்தான்.

இப்போது ரெடிமேடில் வரும் டாப்ஸ் 42, 44, 46 அங்குலம்கூட இருக்கிறது. உங்களுக்கு 42 என்றால் கீழே ஆறு அங்குலம்தான் லெக்கிங்ஸ் தெரியும், அது காலாகவே தெரியாது. 37 வாக்கில் முடிவது அதைவிட மோசம், கெண்டைக்கால் பருமனாக இருக்கும் இடத்தில் சரியாகக் கோடு விழும். வேறு கலர் லெக்கிங்ஸோடு போடுவதாக இருந்தால் 31 அங்குலத்துக்குக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், மடிப்புக்கு ஒரு அங்குலம் விட்டு 32-இல் வெட்டுவார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் கீழே பார்டர் பிரிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள், வெட்டினால் அது போய்விடும். அந்த மாதிரி டாப்ஸை நீளமாகவே விட்டுவிட்டு, அதே கலரில் கீழே பேண்ட் போடுங்கள்.

ஒரே கலர் என்று மெரூன் டாப்ஸுக்கு மெரூன் லெக்கிங்ஸ் தேடி வாங்கினேன். போட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கலராக இருக்கிறது. (திருப்பாதிரிப்புலியூர்)

இந்தக் கஷ்டம் நிறையப் பேருக்கு உண்டு. லெக்கிங்ஸை மடித்து வைத்திருக்கும்போது பார்க்கிற கலர் ஒன்று, காலில் இழுபட்ட பிறகு தெரிகிற கலர் வேறு. லைக்ரா விரியும்போது நூலுக்கு நடுவே உள்ளே இருப்பது தெரிய ஆரம்பிக்கும், முட்டியிலும் தொடையிலும் மெரூன் செங்கல் கலருக்குப் போய்விடும். கடையிலேயே உள்ளங்கையை உள்ளே விட்டு நன்றாக விரித்து, டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள்.

இன்னும் நல்ல வழி, டாப்ஸுக்கு எடுக்கும் துணியிலேயே இரண்டு மீட்டர் சேர்த்து வாங்கி நேர் பேண்டாகத் தைத்துக்கொள்வது. உயரம் குறைவு என்பதால் அது போதும்.

துளி வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று முழு உருவத்தைப் போனில் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். டாப்ஸ் முடியும் இடம் சட்டென்று கண்ணில் படாவிட்டால் சரி. கருநீலமும் கரும்பச்சையும் வேறு வேறு கலர், ஆனால் கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே இருட்டுத்தான், சேர்த்துப் போடலாம். ஒரே நீலம் என்று வெளிர்நீல டாப்ஸும் கருநீல பேண்டும் போட்டால் கோடு பளிச்சென்று விழும். கலரின் பெயரைவிட அது எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு இருட்டு என்பதுதான் முக்கியம். அதனால் கருப்புதான் போட வேண்டும் என்றும் இல்லை, நம் ஊர் வெயிலுக்குச் சந்தனக் கலரில் மேலும் கீழும் போட்டாலும் இதே பலன்தான்.

ஒரே உடையில் வேறு வேறு கலர் துண்டுகளைச் சேர்க்கும் கலர் பிளாக்கிங் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குட்டையானவர்கள் அதைத் தொடவே கூடாதா? (லாஸ்பேட்டை)

தாராளமாகப் போடலாம், கலரைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்காக வெட்டச் சொல்லுங்கள். நெடுக்காகத் தையல் இறங்கும் பிரின்சஸ் கட் டாப்ஸில் நடுப்பட்டை ஒரு கலர், இரண்டு பக்கமும் அதைவிட இருட்டான கலர். நடுப்பட்டை மார்பில் எட்டு அங்குலம் போல ஆரம்பித்து, கீழ் ஓரம் வரை அதே அகலத்தில் இறங்க வேண்டும். கீழே போகப் போக விரிந்தால் பாவாடை மாதிரி அகலமாகிவிடும், தையல்காரரிடம் இதைச் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் விரித்துத்தான் வெட்டுவார். பக்கத் துண்டுக்கு எடுத்த கலரிலேயே பேண்டும் இருக்கட்டும். முதுகுப் பக்கத்தையும் இப்படியே மூன்று துண்டாகப் போடச் சொல்லுங்கள். துணியை மிச்சம் பிடிக்க முதுகில் குறுக்கே ஒட்டுப் போட்டுவிட்டால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் வீண்.

ஷாலை இரண்டு தோளிலும் அகலமாக விரிக்காமல், மடித்து ஒரு தோளில் நீளமாகத் தொங்க விட்டால் அதுவே ஒரு நெடுக்குப் பட்டைதான். வேறு கலர் ஷால் ஆசை இருந்தால் அதை இங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

பட்டுப்புடவைக்குப் பெரிய பார்டர், கான்ட்ராஸ்ட் பிளவுஸ். நான் 4 அடி 10, கட்டலாமா? (நெல்லிக்குப்பம்)

இடுப்பிலிருந்து தரை வரை உங்களுக்கு நீளம் குறைவாகத்தான் இருக்கும். அதில் எட்டு அங்குலம் கான்ட்ராஸ்ட் பார்டர் என்றால் கிட்டத்தட்ட கால்வாசியை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு அங்குலத்துக்குள் பார்டர் இருப்பது நல்லது, அல்லது புடவையின் உடல் கலருக்கு நெருங்கிய கலரில் பார்டர் எடுங்கள். அம்மா கொடுத்த புடவை, பெரிய பார்டர்தான் என்றால் கட்டாமல் வைக்க வேண்டாம், பிளவுஸைப் பார்டர் கலரில் தைக்காமல் உடல் கலரில் தையுங்கள். கீழே ஒரு கோடு இருக்கிறது, இடுப்புக்கு மேலே இன்னொன்று சேராது. முந்தியை மடித்து, நான்கு விரல் அகலத்தில் பின் குத்துங்கள், முதுகில் முட்டி வரை நேராக இறங்கட்டும்.

என் கணவர் 5 அடி 2. ஆண்களுக்கு ஏதாவது? (முதலியார்பேட்டை)

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெல்லிய கரை. நம் ஆட்கள் பெயர் தெரியாமலே தலைமுறையாக ஒரே கலர் என்கிற மோனோகுரோம்தான் கட்டுகிறார்கள். பேண்ட் போடும் நாளில் பெல்ட்டும் ஷூவும் பேண்டின் கலரை ஒட்டி இருக்கட்டும். சட்டையை வெளியே விட்டால் பேண்ட் ஜிப்பின் நடுவோடு முடிய வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் கால் குறைந்துவிடும்.

குரூப் போட்டோவில் மட்டும் எதுவுமே எடுபடவில்லையே? (புதுச்சேரி)

பக்கத்தில் உயரமானவர் நின்றால் எந்தக் கலரும் அதை மறைக்காது, அது உண்மை. தனியாக எடுக்கும்போது போனைத் தலைக்கு மேலே தூக்காமல் உங்கள் இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுத் தெரு மஞ்சள் சுவர் முன்னால் சந்தனமோ மஞ்சளோ போட்டு நின்றால் உருவம் சுவரோடு கலந்துவிடும். அங்கே போகிற அன்று மட்டும் அந்தக் கருநீலத்தை எடுத்துக் கட்டுங்கள்.